கிரெடிட் கார்டில் மைனஸ் தொகை: திரும்பப் பெறுவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சில மாதங்களுக்கு முன் என் தங்கை தன் கிரெடிட் கார்டு பில்லைக் காட்டி, "பதினைந்தாயிரம் கட்டச் சொல்லியிருக்கிறார்கள், நான் அவ்வளவு செலவே செய்யவில்லையே" என்று பதறினாள். பில்லில் `Total Amount Due: 15,050.00 Cr` என்று இருந்தது. கடைசியில் இருந்த அந்த இரண்டு எழுத்துகளை அவள் கவனிக்கவில்லை. தொகைக்குப் பின் `Cr` என்றோ முன்னால் கழித்தல் குறியோ இருந்தால், அது நாம் வங்கிக்குத் தர வேண்டிய பணம் அன்று. வங்கி நமக்குத் தர வேண்டிய பணம். அதைக் கடன் என்று எண்ணி மறுபடியும் கட்டிவிடுவதுதான் முதல் தவறு. அப்படிச் செய்தால் வங்கியிடம் முடங்கும் தொகை இரட்டிப்பாகும்.

அவளுக்கு எப்படி நேர்ந்தது என்பதையும் சொல்ல வேண்டும். முந்தைய மாத பில் 18,240 ரூபாய். கடைசித் தேதிக்கு முந்தைய நாள் அதை யுபிஐ மூலம் கட்டினாள். ஆனால் ஆட்டோ டெபிட் ஏற்கெனவே பதிவாகியிருந்ததால், மறுநாள் சேமிப்புக் கணக்கிலிருந்து அதே 18,240 ரூபாய் மீண்டும் எடுக்கப்பட்டது. பிடித்தம் செய்வதற்கான ஆணை பெரும்பாலும் பில் தொகையின்படி முன்கூட்டியே அனுப்பப்பட்டுவிடுவதால், கடைசி நேரத்தில் நாமே கட்டினாலும் அது நிற்பதில்லை. பிறகு அவள் 3,190 ரூபாய்க்கு மளிகை வாங்கியதால், புதிய பில்லில் 15,050 ரூபாய் வரவாக நின்றது.

இங்கே பலர் செய்யும் இரண்டாவது தவறு, பணம் தானாகவே வங்கிக் கணக்குக்குத் திரும்பிவிடும் என்று காத்திருப்பது. ரிசர்வ் வங்கியின் கார்டு விதிகளில் இதற்கு ஒரு வழி உண்டு. ஆனால் அது ரீஃபண்டுக்கும் தோல்வியடைந்த பரிவர்த்தனைகளுக்கும் உரியது. பில்லைக் கட்டிய பிறகு ரீஃபண்ட் வந்து, அந்தத் தொகை கார்டு வரம்பில் ஒரு சதவீதம் அல்லது 5,000 ரூபாய் ஆகிய இரண்டில் குறைவானதைத் தாண்டினால், அதைக் கார்டிலேயே வைத்துக்கொள்ளலாமா என்று வங்கி ஏழு நாட்களுக்குள் மின்னஞ்சலிலோ குறுஞ்செய்தியிலோ நம் ஒப்புதலைக் கேட்க வேண்டும். நாம் பதில் தராவிட்டால் பணத்தை நம் வங்கிக் கணக்குக்கு அனுப்ப வேண்டும். வரம்பு 1,50,000 ரூபாய் என்றால் அந்த எல்லை 1,500 ரூபாய். நாமே கூடுதலாகக் கட்டிய தொகைக்கு இந்தத் தானியங்கி ஏற்பாட்டை நம்பியிருக்க முடியாது. அதைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும். கேட்டால், தொகை எவ்வளவு சிறியதானாலும், கோரிக்கை கிடைத்த மூன்று வேலை நாட்களுக்குள் வங்கிக் கணக்குக்கு அனுப்ப வேண்டும் என்பதும் அதே விதியில் இருக்கிறது.

கேட்கும்போதும் ஒரு தவறு நேர்கிறது. பில்லில் உள்ள தொகையை அப்படியே எழுதிவிடுகிறோம். பில்லுக்குப் பிந்தைய செலவு அதில் கழிந்திருக்காது. என் தங்கை அதன் பிறகு 1,050 ரூபாய் செலவிட்டிருந்தாள், ஆகவே அவள் கேட்க வேண்டியது 14,000 ரூபாய். அன்றைய இருப்பைச் செயலியில் பார்த்துவிட்டு, பதிவு செய்த மின்னஞ்சலிலிருந்து கார்டின் கடைசி நான்கு எண்கள், தொகை, தன் பெயரிலுள்ள வங்கிக் கணக்கு எண், ஐஎஃப்எஸ்சி குறியீடு ஆகியவற்றை எழுதி அனுப்பினாள். தொலைபேசியில் மட்டும் சொல்லிவிட்டு இருந்துவிடக் கூடாது. மூன்று நாள் கணக்கு கோரிக்கை கிடைத்த நேரத்திலிருந்து ஓடுவதால், கோரிக்கை எண்ணும் தேதியும் நம் கையில் இருக்க வேண்டும்.

அந்த வரவுத் தொகையை ஏடிஎம்மில் எடுத்துவிடலாம் என்ற எண்ணம் வேண்டாம். நம் பணமே என்றாலும், கிரெடிட் கார்டில் ரொக்கம் எடுப்பதற்கான கட்டணம் விழக்கூடும். பல வங்கிகளின் கட்டணப் பட்டியலில் இது 2.5 சதவீதம், குறைந்தது 500 ரூபாய் என்று இருக்கிறது.

ரீஃபண்ட் வரப்போகிறது என்பதற்காகப் பில் கட்டாமல் இருப்பதும் ஆபத்து. கடைசித் தேதிக்கு முன் கார்டில் வந்து சேர்ந்த ரீஃபண்டை உடனே பாக்கியில் கழிக்க வேண்டும் என்பது விதி. கடைக்காரர் "அனுப்பிவிட்டேன்" என்று சொன்ன, ஆனால் வந்து சேராத தொகைக்கு அது பொருந்தாது. குறித்த நாளில் பில்லைக் கட்டிவிடுங்கள். ரீஃபண்ட் பின்னால் வந்தால், மேலே சொன்ன வழியில் கேட்டுப் பெறலாம்.

முதலில் வங்கியிடமே புகார் செய்தும் அது மறுத்தாலோ 30 நாட்களாகியும் பதில் தராவிட்டாலோ, cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றிப் புகார் அளிக்கலாம். என் தங்கைக்கு அது தேவைப்படவில்லை. மின்னஞ்சல் அனுப்பிய மூன்றாம் வேலை நாள் மாலையில் 14,000 ரூபாய் அவள் சேமிப்புக் கணக்கில் வந்து சேர்ந்தது.