இரண்டு நிமிடப் பிட்சில் நேரத்தைத் தின்னும் தவறுகள்

முதலீட்டாளர்களுக்கு உங்கள் தொழிலை எடுத்துச் சொல்லும் பிட்சுக்கு, டெமோ டே மேடையில் உங்களுக்குக் கிடைப்பது 120 விநாடி. அதற்குள் மூன்று விஷயங்களுக்குத்தான் இடம் இருக்கிறது. பிரச்சினை என்ன, அதற்கு நீங்கள் என்ன செய்து வைத்திருக்கிறீர்கள், அதை இதுவரை யார் எவ்வளவு பயன்படுத்துகிறார்கள். இந்த மூன்றாவதைத்தான் டிராக்ஷன் என்கிறோம். குழு, சந்தையின் அளவு, போட்டியாளர்கள், வேண்டிய முதலீடு எல்லாம் மேடையை விட்டு இறங்கிய பிறகு பேச வேண்டியவை. கேட்டுக்கொண்டிருக்கும் முதலீட்டாளர் எழுந்து வந்து உங்களிடம் ஒரு கேள்வி கேட்டால், அந்த இரண்டு நிமிடம் தன் வேலையைச் செய்துவிட்டது.

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு வீட்டு முன்னறையில் அக்காவும் தம்பியுமாக இரண்டு பேர் தங்கள் பிட்சை என்னிடம் சொல்லிக் காட்டினார்கள். புறக்கோட்டை மொத்தக் கடைகள் கொட்டாஞ்சேனைப் பக்கத்துச் சில்லறைக் கடைகளுக்குக் கடனில் சரக்குக் கொடுக்கின்றன. வாராவாரம் ஒருவர் போய்க் காசு வசூலிக்கிறார். அவர் கொப்பியில் ஒரு கணக்கு, கடைக்காரர் கொப்பியில் இன்னொரு கணக்கு. இதைத் தீர்க்கத்தான் இவர்களுடைய ஆப். அடையாளம் தெரியாமலிருக்க எண்களைக் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன்.

முதல் தடவை சொன்னபோது போனில் நேரம் பார்த்தேன். பிரச்சினை என்னவென்று எனக்குப் புரிந்தது 47ஆவது விநாடியில். அதுவரை வணக்கம், நன்றி, தங்கள் பெயர், படித்த இடம், யோசனை பிறந்த கதை. அப்புறம், “இலங்கையில் சிறு வியாபாரிகள் பல சவால்களை எதிர்நோக்குகிறார்கள்” என்று ஒரு வாக்கியம். பெயரும் கம்பனியும் முதல் ஸ்லைடில் எழுதியிருக்கின்றன, வாயாலும் சொல்லத் தேவையில்லை. பொதுவான அந்த வாக்கியம் யாருக்கும் எதையும் காட்டுவதில்லை. ஒரு ஆள், ஒரு நாள், ஒரு தொகை என்று இறங்கினால்தான் பிரச்சினை கண்ணுக்குத் தெரியும். மாற்றி எழுதிய தொடக்கம் இப்படி வந்தது:

“புறக்கோட்டையில் ஒரு அரிசி மொத்தக் கடை முதலாளிக்கு 140 சில்லறைக் கடைகள் கடன் வைத்திருக்கின்றன. போன மாதம் அதில் 11 கடைகளின் பாக்கி, அவருடைய கொப்பியில் ஒன்று, கடைக்காரர் கொப்பியில் வேறொன்று. வித்தியாசம் 86,000 ரூபாய். சண்டை வேண்டாம் என்று அதை அவரே விட்டுவிட்டார்.”

இதற்கு 20 விநாடி கூட ஆகவில்லை. முதலாளி ஏன் காசு கொடுத்து ஒரு தீர்வை வாங்குவார் என்பதும் இதற்குள்ளேயே வந்துவிடுகிறது.

பொருளைச் சொல்லும்போது வழக்கமாக நடக்கும் தவறு, வசதிகளை எல்லாம் வரிசையாகச் சொல்வது. இவர்களும் ஒன்பது சொன்னார்கள், எனக்கு இரண்டு நினைவில் நின்றன. ஒரு செயலை மட்டும் தொடக்கத்திலிருந்து முடிவு வரை காட்டினால் போதும். வசூலிப்பவர் தொகையைப் போனில் பதிகிறார், அந்த இடத்திலேயே கடைக்காரருக்குத் தமிழிலோ சிங்களத்திலோ எஸ்எம்எஸ் போகிறது, இரண்டு பக்கமும் ஒரே பாக்கி தெரிகிறது. மூன்று ஸ்கிரீன்ஷாட், மூன்று வாக்கியம். மேடையில் ஆப்பைத் திறந்து நேரடியாக இயக்கிக் காட்டும் ஆசையை இரண்டு நிமிடப் பிட்சில் விட்டுவிடுங்கள். மண்டபத்து வைஃபை மெதுவாக இருந்தாலோ, லொகின் செய்ய ஓடிபி வரத் தாமதித்தாலோ 15 விநாடி போய்விடும். அதைத் திரும்பப் பிடிக்க வழியில்லை.

இனி டிராக்ஷன். நல்ல வேலை செய்தவர்கள்கூடத் தங்களைப் பலவீனமாகக் காட்டிக்கொள்வது இங்கேதான்.

இவர்களுடைய ஸ்லைடில் இரண்டு எண்கள் பெரிதாக இருந்தன: 2,300 பதிவிறக்கம், 500 வீத வளர்ச்சி. பதிவிறக்கியவர்களில் எத்தனை பேர் இன்னும் பயன்படுத்துகிறார்கள் என்று கேட்டேன். கடைக்காரர்களுக்கு எஸ்எம்எஸ் வந்தாலே போதும், ஆப் தேவையில்லை என்றார்கள். அப்படியானால் பதிவிறக்கம் இந்தத் தொழிலின் அளவுகோலே இல்லை. 500 வீதம் எப்படி வந்தது? ஒரு மொத்தக் கடையில் தொடங்கி 12 வாரத்தில் ஆறு ஆகியிருக்கிறது. கணக்கு சரிதான். ஆனால் அடித்தள எண்ணைச் சொல்லாமல் வீதத்தை மட்டும் சொன்னால், ஒன்று ஆறானதா, ஆயிரம் ஆறாயிரமானதா என்று கேட்பவருக்குத் தெரியாது. அனுபவமுள்ள முதலீட்டாளர் சிறியதாகத்தான் இருக்கும் என்று எடுத்துக்கொள்வார். மறைத்ததாக ஒரு சந்தேகமும் அவருக்கு மிஞ்சும்.

வரைபடத்திலும் ஒரு பொறி உண்டு. அவர்கள் போட்டிருந்தது மொத்தக் கூட்டுத்தொகை, அதாவது தொடங்கிய நாளிலிருந்து பதிந்த எல்லாப் பதிவுகளும். அந்தக் கோடு எப்போதும் மேலேதான் போகும். நாளைக்கே எல்லோரும் விட்டுப் போனாலும் அது இறங்காது, படுத்துத்தான் கிடக்கும். அதனால் வாரத்துக்கு எத்தனை என்று போடுங்கள். அச்சுகளில் எண்ணையும் தேதியையும் எழுதுங்கள்.

கடைசியில் நாங்கள் வைத்தது இது: “12 வாரத்துக்கு முன் ஒரு மொத்தக் கடை, வாரத்துக்கு 14 வசூல் பதிவு. இன்று ஆறு கடைகள், போன வாரம் 118 பதிவு. ஒவ்வொரு கடையும் மாதம் 4,000 ரூபாய் தருகிறது. முதலில் சேர்ந்த மூன்றும் மூன்றாவது மாதமும் கட்டியிருக்கின்றன.” சிறிய எண்கள்தான். ஆனால் அவற்றுக்குக் காலமும் ஒப்பீடும் இருக்கிறது. மூன்றாவது மாதமும் காசு கட்டினார்கள் என்பது 2,300 பதிவிறக்கத்தைவிடக் கனமான சான்று. வருமானமே இல்லாதவர்கள் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவோர் எண்ணிக்கையைச் சொல்லலாம். பேசிக்கொண்டிருப்பதை ஒப்பந்தம் என்று மட்டும் சொல்லக்கூடாது, அடுத்த சந்திப்பிலேயே அது தெரிந்துவிடும்.

நேரக் கணக்கில் ஒன்று. இரண்டு நிமிடத்துக்கு இத்தனை சொற்கள் என்று ஆங்கிலப் பேச்சுக்குச் சொல்லும் அளவை வைத்துத் தமிழில் எழுதாதீர்கள். ‘பதிந்துகொண்டிருக்கிறார்கள்’ என்பது நமக்கு ஒரே சொல். உரக்கப் படித்து, கடிகாரத்தில் பார்த்து, 110 விநாடியில் முடியும்படி வெட்டுங்கள். மேடைக்கு நடப்பது, கிளிக்கர் ஒரு தடவை வேலை செய்யாமல் போவது ஆகியவற்றுக்கு அந்த மீதி வேண்டும். இவர்கள் பிரித்துக்கொண்டது பிரச்சினைக்கு 30, பொருளுக்கு 35, டிராக்ஷனுக்கு 45.

ஆங்கிலத்தில் பேசப்போகிறவர்கள் தமிழில் எழுதி மொழிபெயர்க்காமலிருப்பது நல்லது. நாம் காரணங்களை அடுக்கி, முக்கியமானதை வாக்கியத்தின் கடைசியில் வைத்துப் பழகியவர்கள். அதே வரிசை ஆங்கிலத்துக்குப் போனால், எண் வந்து சேர்வதற்குள் கேட்பவரின் கவனம் போய்விடுகிறது. அந்தத் தம்பி இதை மாற்றத்தான் அதிகம் சிரமப்பட்டார்.

சரி, பிட்ச் தயாரா என்று எப்படித் தெரிந்துகொள்வது? உங்கள் வேலையைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவரிடம் ஒரே தடவை சொல்லிவிட்டு, பத்து நிமிடம் வேறு எதையாவது பேசுங்கள். பிறகு கேளுங்கள்: யாருக்கு என்ன பிரச்சினை, நாங்கள் என்ன செய்கிறோம், எந்த எண் நினைவிருக்கிறது? அக்காவும் தம்பியும் பக்கத்து வீட்டு மாமியிடம் கேட்டார்கள். முதல் இரண்டையும் அவர் சரியாகச் சொன்னார். எண் கேட்டதற்கு, “86,000 ரூபாயை அந்த மனுசன் விட்டுட்டாரே” என்றார். 118 அவருக்கு நினைவில்லை. அன்றிரவு டிராக்ஷன் ஸ்லைடில் இருந்த மற்ற எண்களைச் சிறிதாக்கி, 14 என்பதையும் 118 என்பதையும் மட்டும் பெரிய எழுத்தில் வைத்தார்கள்.