கதீட்டர் ஸ்டேஷனில் மதிப்பெண் போகும் இடம் இடது கை

செய்முறைத் தேர்வில் பெண் மேனிகினில் ஃபோலி கதீட்டர் போடச் சொன்னால், மாணவர்கள் பெரும்பாலும் சிறுநீர்த் துவாரம் கண்ணில் படாமல் போய்விடுமோ என்றுதான் பயப்படுகிறார்கள். தேர்வாளரின் கண்ணோ உங்கள் இடது கையின் மேல்தான் இருக்கும்.

வலது கைப் பழக்கமுள்ளவர் இடது கையால் லேபியாவை விரித்துப் பிடிக்கிறார். தோலைத் தொட்ட அந்த நொடியிலேயே அந்தக் கை ஸ்டெரைல் இல்லை என்றாகிவிடும். இனி அது ட்ரேக்குத் திரும்பக் கூடாது. கதீட்டர் உள்ளே போகும் வரை பிடியையும் விடக் கூடாது. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். சுத்தம் செய்து முடித்ததும், ஜெல்லி தடவவோ பேக்கைப் பொருத்தவோ இடது கையை எடுத்துவிடுவார்கள். லேபியா மூடிக்கொள்ளும், துடைத்த இடம் துடைக்காத தோலில் பட்டுவிடும். அப்படி ஆனால் மறுபடி விரித்து, புதிய பஞ்சால் முதலிலிருந்து துடைக்க வேண்டும். பிழையை மறைப்பதைவிட, "ஸ்டெரிலிட்டி போய்விட்டது, மறுபடி துடைக்கிறேன்" என்று வாய்விட்டுச் சொல்லிச் செய்வது நல்லது. இந்தச் சிக்கலே வராமலிருக்க, சிரிஞ்சில் தண்ணீர் எடுப்பது, முனையில் ஜெல்லி தடவுவது எல்லாவற்றையும் லேபியாவைத் தொடுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.

துடைப்பது எப்போதும் மேலிருந்து கீழ், ஆசனவாயை நோக்கி. ஒரு பஞ்சு ஒரே ஒரு இழுப்புக்குத்தான்.

கதீட்டர் தவறி யோனிக்குள் போனால் அவசரப்பட்டு உருவாதீர்கள். அது அங்கேயே அடையாளமாக இருக்கட்டும். புதிய ஸ்டெரைல் கதீட்டரை அதற்கு மேலே உள்ள துவாரத்தில் செலுத்திவிட்டு, பிறகு பழையதை எடுங்கள். அதே கதீட்டரை எடுத்து மறுபடி நுழைத்தால் யோனியின் கிருமிகளைச் சிறுநீர்ப்பைக்குக் கொண்டுபோனதாகிவிடும்.

அடுத்த அவசரம் பலூன். பெண்ணின் சிறுநீர்க் குழாய் ஏறத்தாழ 4 செ.மீ. நீளந்தான். ஆனால் கதீட்டரில் சிறுநீர் வரும் துளை முனையிலும் பலூன் அதற்குச் சற்றுக் கீழேயும் இருப்பதால், சிறுநீர் வந்த கணத்தில் பலூன் இன்னும் குழாய்க்குள்ளேயே இருக்கலாம். அங்கே ஊதினால் குழாய் கிழியும். ஆகவே சிறுநீர் வந்த பிறகு இன்னும் 2.5 முதல் 5 செ.மீ. உள்ளே தள்ளிவிட்டு, கதீட்டரில் அச்சிட்டிருக்கும் அளவுக்கு, பொதுவாக 10 மி.லி., ஸ்டெரைல் தண்ணீர் ஏற்றுங்கள். சலைன் வேண்டாம், அதன் உப்பு படிந்து வால்வுக் குழாயை அடைத்தால், பின்னால் பலூனைச் சுருக்க முடியாது. ஏற்றும்போது நோயாளிக்கு வலித்தாலோ கையில் எதிர்ப்பு தெரிந்தாலோ நிறுத்தி, ஏற்றிய தண்ணீரை எடுத்துவிட்டு, இன்னும் சற்று உள்ளே தள்ளுங்கள். மேனிகின் முனகாது, அதனால் "வலிக்கிறதா அம்மா?" என்று கேட்டுக்கொண்டே ஏற்றுங்கள்.

கடைசியில் மெல்ல இழுத்துப் பார்த்து, தொடையில் ஒட்டி, யூரோபேக்கைச் சிறுநீர்ப்பையின் மட்டத்துக்குக் கீழே தொங்கவிடுங்கள். தரையில் படக் கூடாது. தேதி, நேரம், கதீட்டர் அளவு, பலூனில் ஏற்றிய தண்ணீர், வந்த சிறுநீரின் அளவு, நிறம் ஆகியவற்றைக் குறித்த பிறகே ஸ்டேஷனை விட்டு நகருங்கள்.