பொய்த் திட்டு கட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிறுவர் நாடகங்களுக்கு வசனம் எழுதிப் பழகுகிறவர்களின் தாள்களை அடிக்கடி பார்க்கிறேன். இரண்டு ராஜாக்கள் சண்டை போடுவார்கள். திட்டு பயங்கரமாகக் கேட்க வேண்டும், ஆனால் யார் மேலும் படக்கூடாது. இதைத்தான் பொய்த் திட்டு என்கிறேன். அங்கேதான் நான் முன்பு செய்த தவறுகள் அப்படியே திரும்பி வருகின்றன.

உடம்பில் போய் முடிவது

தமிழில் கைக்கு முதலில் வருவது இந்த அச்சுதான்: ஒரு பொருள், ஓர் உறுப்பு, கடைசியில் ஒரு 'ஆ'. சட்டித்தலையா, பணியார மூக்கா. சத்தம் நன்றாக இருக்கும். ஆனால் 'தலையா' என்பது 'தலையன்' என்பதன் விளி. அப்படி ஒரு தலை உடையவனே என்றுதான் அதற்கு அர்த்தம். சொன்ன உடனே கேட்பவர்கள் எதிரில் நிற்பவன் தலையைப் பார்ப்பார்கள்.

ஒரு கோடை முகாமில் 'சுரைக்காய்த் தலையா' என்று எழுதிக் கொடுத்தேன். எதிர் ராஜாவாக நின்ற பையனுக்கு நெற்றி கொஞ்சம் அகலம். எழுதும்போது அவன் என் நினைவிலேயே இல்லை. ஒத்திகை முடிவதற்குள் அது அவன் பெயராகிவிட்டது. மூன்றாம் நாள் அவன் வரவில்லை. அவன் அம்மா வந்து, "பள்ளிக்கூடத்திலயும் அப்படித்தான் கூப்பிடறாங்க சார்" என்றார். இன்றும் யாராவது 'தலையா' என்று எழுதிக்கொண்டு வந்தால் எனக்குக் கோபம் வருகிறது.

சரி, எப்படி மாற்றுவது? உறுப்பை எடுத்துவிட்டு உயிரில்லாத ஒரு பொருளை வையுங்கள். 'ஆ' போய் 'ஏ' வரும்: 'சுரைக்காய்ச் சுத்தியலே!' இப்போது கூப்பிடுவது ஒரு பொருளை. அதுவும் உலகத்தில் இல்லாத பொருள். சுரைக்காயை வைத்து ஆணி அடிக்க முடியாது, யாரையும் பார்த்து 'இவன் அதே மாதிரி' என்று சொல்லவும் முடியாது. நம் பாட்டிகள் சொல்லும் 'உலக்கைக் கொழுந்தே' இந்த வகைதான். காய்ந்த மரத்தில் கொழுந்து ஏது? ஆனால் அதற்கு மடையன் என்ற பொருள் ஒட்டிவிட்டது. அதனால் அதை அப்படியே எடுக்காமல், கட்டிய விதத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

விலங்கு

கழுதை, எருமை, குரங்கு எல்லாவற்றுக்கும் ஏற்கெனவே அர்த்தம் உண்டு. விடுங்கள்.

சாதி, ஊர், தொழில்

தொடவே கூடாது.

மெல்லினமாகக் கோப்பது

'மாங்கனி நிலவே' என்று திட்டினால் தாலாட்டாகிவிடும். சூடு வருவது க்க, ச்ச, ட்ட, ப்ப போன்ற இரட்டித்த வல்லினத்தில். 'முறுக்குத் தொட்டியே', 'புட்டுக்குழாய்ப் பீரங்கியே' என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், உதடும் நாக்கும் அடிக்கும். இரண்டு சொல் போதும், மூன்றாவது வந்தால் மூச்சு போய்விடும்.

ஒற்றெழுத்தை விழுங்குவது

பிள்ளைகள் அவசரத்தில் 'சுரைக்கா சுத்தியலே' என்பார்கள். அந்த 'ச்ச' போனால் திட்டே போய்விடும். ஒத்திகையில் அந்த இடத்தில் கையைத் தட்டச் சொல்லுங்கள்.