ஓ.பி. சீட்டிலிருந்து பாஸி மதிப்பெண்: சொரியாசிஸ் தாள் நிரப்பும் முறை

சொரியாசிஸ் எவ்வளவு தீவிரம் என்று சொல்ல 1978 முதல் புழக்கத்தில் இருப்பது பாஸி மதிப்பெண். மொத்தம் 0 முதல் 72 வரை. ஒரு சீட்டை எடுத்துக்கொண்டு போட்டுப் பார்ப்போம் (மாதிரிக்காக நான் எழுதியது):

"தலை 2 உள்ளங்கை, லேசான சிவப்பு, தடிப்பும் செதிலும் கடுமை. முழங்கைகள் 1 உள்ளங்கை, சிவப்பும் செதிலும் மிதம், தடிப்பு கடுமை. முதுகு 6, சிவப்பு மிதம், மற்றவை லேசு. புட்டம் 4, கால்கள் 8. இரண்டிலும் சிவப்பு கடுமை, தடிப்பு மிதம், செதில் கடுமை."

முதலில் இடத்தைப் பிரியுங்கள். தலை-கழுத்து, கைகள், உடல், கால்கள் என நான்கே வரிசை. எடை முறையே 0.1, 0.2, 0.3, 0.4. கழுத்து தலையோடு சேரும், அக்குளும் தொடையிடுக்கும் உடலோடு. புட்டம் கால்களோடு சேரும் என்பதுதான் பலருக்கும் தெரியாது.

அடுத்து பரப்பு. நோயாளியின் விரல்களோடு சேர்ந்த ஓர் உள்ளங்கை, உடல் பரப்பில் ஏறத்தாழ 1%. ஆனால் தாளுக்கு வேண்டியது அந்தப் பகுதிக்குள் எத்தனை சதவீதம் என்பது. தலை 10 உள்ளங்கை, கைகள் 20, உடல் 30, கால்கள் 40 என்று வைத்து வகுக்க வேண்டும். கால்களில் 8+4=12, அதாவது 30%.

பாதிப்பே இல்லையென்றால் 0. 10%க்குக் கீழே 1, 10–29 என்றால் 2, 30–49க்கு 3, 50–69க்கு 4, 70–89க்கு 5, அதற்கு மேல் 6.

சிவப்பு, தடிப்பு, செதில் மூன்றுக்கும் லேசு 1, மிதம் 2, கடுமை 3, மிகக் கடுமை 4. 'கடுமை' என்றதும் கை தானாக 4 போடும், கவனம். ஒரே பகுதியில் திட்டுக்குத் திட்டு வேறுபட்டால் சராசரியாகப் போடுங்கள், மோசமான திட்டை மட்டும் பார்த்து அல்ல.

எக்செல்லில் A பகுதி, B எடை, C பரப்பு மதிப்பெண், D–F மற்ற மூன்று. G2-வில்:

```
=IF(COUNT(C2:F2)=4, B2*C2*(D2+E2+F2), "?")
```

இதை G5 வரை இழுத்துவிட்டு, G6-இல்:

```
=IF(COUNT(G2:G5)=4, SUM(G2:G5), "?")
```

இந்த IF எதற்கு? சீட்டில் தடிப்பைப் பற்றி எழுதாமல் விட்டிருந்தால் காலிக் கட்டத்தை எக்செல் 0 என்று எடுத்துக்கொள்ளும், மதிப்பெண் சத்தமில்லாமல் குறைந்துவிடும். "?" வந்தால் மருத்துவரைக் கேளுங்கள், ஊகித்து நிரப்பாதீர்கள். பாதிப்பே இல்லாத பகுதிக்கு மட்டும் நான்கிலும் 0.

சரி, நம் சீட்டுக்கு வருவோம். தலை 0.1×2×7=1.4, கைகள் 0.2×1×7=1.4, உடல் 0.3×2×4=2.4, கால்கள் 0.4×3×8=9.6. மொத்தம் 14.8. புட்டத்தை உடலோடு சேர்த்திருந்தால், மற்ற மதிப்பெண்கள் மாறாமலேயே 12.8 ஆகியிருக்கும்.

கருத்த சருமத்தில் சிவப்பு ஊதாவாகவோ கரும்பழுப்பாகவோ தெரியும். சீட்டில் "ஊதா நிறத் திட்டு" என்று மட்டும் இருந்தால் அது சிவப்பு 0 அல்ல. எத்தனை என்பதைப் பார்த்தவர்தான் சொல்ல வேண்டும்.