தண்ணி மாத்திரை, மனநல மாத்திரை, ஏறும் சர்க்கரை: வீட்டிலேயே கணக்கு வைப்பது எப்படி

காரைக்குடி பக்கம் இருக்கும் எங்கள் அம்மானுக்கு வயது 48. போன வருஷம் வரைக்கும் சர்க்கரை கிடையாது. திடீரென்று ராத்திரி மூன்று தடவை எழுந்து ஒன்றுக்குப் போனார், வாய் எப்போதும் வறண்டு கிடந்தது, செம்புத் தண்ணீர் பக்கத்திலேயே இருக்க வேண்டும். வீட்டில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பிரஷருக்குத் தண்ணி மாத்திரை போடுகிறார், ஒன்றுக்குப் போகத்தானே செய்யும். ராத்திரி மனநல டாக்டர் கொடுத்த மாத்திரை வேறு, அது வாயை வறட்டும் என்று அவரே சொல்லியிருந்தார். இரண்டும் உண்மைதான். சிக்கலே அதில்தான் இருக்கிறது, சர்க்கரை ஏறினாலும் இதே இரண்டு அறிகுறிகள்தான் வரும். அதனால் இந்த மாத்திரைகள் போடுகிறவர்கள் உடம்பு சொல்வதை மட்டும் நம்பிக்கொண்டிருக்கக் கூடாது, அளந்து பார்க்க வேண்டும்.

முதலில் அட்டையைத் திருப்பிப் படியுங்கள்

கடைக்காரர் சொல்லும் பிராண்டுப் பெயரை விடுங்கள், அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயர்தான் வேண்டும். பிரஷர் மாத்திரையில் ஹைட்ரோகுளோரோதயசைடு அல்லது குளோர்தாலிடோன் என்று இருந்தால் அது தண்ணி மாத்திரை. பல பேருக்கு இது டெல்மிசார்டனோடு சேர்ந்து ஒரே மாத்திரையாக வருகிறது, பிராண்டுப் பெயரின் கடைசியில் ஹெச் அல்லது சிஹெச் என்று ஒட்டியிருக்கும், அதனால் தண்ணி மாத்திரை போடுகிறோம் என்பதே தெரியாமல் போட்டுக்கொண்டிருப்பார்கள். மனநல மருந்துகளில் ஒலான்சபின், குளோசபின் இரண்டும்தான் எடையையும் சர்க்கரையையும் அதிகம் ஏற்றுகிறவை. குவெட்டியாபின், ரிஸ்பெரிடோன் நடுத்தரம். அரிப்பிப்ரசோல் குறைவு.

தண்ணி மாத்திரை ஏற்றுவது பெரும்பாலும் கொஞ்சம்தான், டோஸ் கூடினால் கூடும். அது சிறுநீரோடு பொட்டாசியத்தையும் வெளியேற்றுகிறது, பொட்டாசியம் குறைந்தால் கணையம் இன்சுலினைச் சரியாக விடாது, அது ஒரு முக்கியக் காரணம். ஒலான்சபின் கதை வேறு. பசியைக் கிளப்பிவிடும், எடை ஏறும். எடை ஏறாமலேயே சிலருக்கு இன்சுலின் வேலை செய்வதைக் கெடுக்கவும் செய்யும். எங்கள் அம்மான் ராத்திரி பத்து மணிக்குத் தேன்குழல் டப்பாவைத் திறந்தது ஆசையினால் அல்ல, அது மருந்தின் பசி.

மாத்திரை தொடங்கும் முன்பே ஒரு அளவு

இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். முதல் மாத்திரைக்கு முன் வெறும் வயிற்றுச் சர்க்கரை, இரண்டு மூன்று மாதத்துச் சராசரியைச் சொல்லும் ஹெச்பிஏ1சி, எடை, இடுப்புச் சுற்றளவு இந்த நான்கும் ஒரு நோட்டில் ஏற வேண்டும், தண்ணி மாத்திரையாக இருந்தால் பொட்டாசியமும் சேர்த்து. ஏற்கெனவே தொடங்கியாகிவிட்டதா? சரி, இன்றைக்கே எடுங்கள். வெறும் வயிறு என்றால் எட்டு மணி நேரம் தண்ணீர் மட்டும். காலையில் ஒரு வாய் காபி குடித்துவிட்டு லேபுக்குப் போனால் அந்த அளவு செல்லாது.

வெறும் வயிற்றில் 100க்குக் கீழே இருந்தால் சரி. 100 முதல் 125 வரை எல்லைக்கோடு. 126ம் அதற்கு மேலும் இரண்டாவது தடவையும் வந்தால் சர்க்கரை நோய். ஹெச்பிஏ1சியில் இதே கோடுகள் 5.7, 6.5. ரத்தசோகை இருப்பவர்களுக்கு ஹெச்பிஏ1சி ஏமாற்றும், அவர்கள் வெறும் வயிற்று அளவைத்தான் நம்ப வேண்டும்.

எப்போது மறுபடி பார்ப்பது

ஒலான்சபின் மாதிரி மருந்துக்கு எடையை 4, 8, 12வது வாரங்களில் பாருங்கள், அப்புறம் மூன்று மாதத்துக்கு ஒரு முறை. ரத்தப் பரிசோதனை 12வது வாரம், பிறகு வருஷத்துக்கு ஒரு தடவையாவது. வீட்டில் அப்பா அம்மாவுக்குச் சர்க்கரை இருந்தாலோ எடை சட்டென்று ஏறினாலோ 12 வாரம் காத்திருக்காமல் முன்பே எடுத்துவிடுவது நல்லது, ஆனால் அப்போது வெறும் வயிற்று அளவைப் பாருங்கள், ஹெச்பிஏ1சி இரண்டு மூன்று மாதத்துச் சராசரி என்பதால் நான்காவது வாரத்தில் முழுக்கதையும் சொல்லாது. தொடங்கும்போது இருந்த எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு கூடிவிட்டால் டாக்டரிடம் பேச அதுவே போதும். 68 கிலோ ஆளுக்கு அது மூன்றரை கிலோ கூட இல்லை.

வீட்டு மெஷினில் செய்யும் தப்பு

ஒரு நாள் அம்மானுக்கு 187 காட்டியது, அத்தை பதறிப்போய் எனக்குப் போன் போட்டார். "அம்மான், விரலைச் சோப்புப் போட்டுக் கழுவினீர்களா?" என்று கேட்டேன். கந்தரப்பம் பிட்டுக் கொடுத்த கை, வேட்டியில் துடைத்தாராம். கழுவிக் காயவைத்துக் குத்தினால் 121. விரலில் ஒட்டிய வெல்லத்தையும் மெஷின் ரத்தத்தோடு சேர்த்துத்தான் எண்ணும். ஸ்ட்ரிப் டப்பாவின் மூடியைத் திறந்து போடாதீர்கள், காலாவதித் தேதியையும் பாருங்கள், விரல் நுனியின் ஓரத்தில் குத்துங்கள். மெஷினும் லேபும் பத்துப் பதினைந்து புள்ளி வித்தியாசம் காட்டினால் பயப்பட ஒன்றுமில்லை. மெஷினை வைத்துக்கொண்டு சர்க்கரை நோய் இருக்கிறது, இல்லை என்று தீர்ப்பு எழுதவும் வேண்டாம், அதற்கு லேப்தான்.

நோட்டை எப்படிப் படிப்பது

அம்மானின் நோட்டையே எடுத்துக்கொள்வோம். போன வருஷம் வெறும் வயிற்றில் 94. பிப்ரவரியில் குளோர்தாலிடோன் 12.5 மி.கி. சேர்ந்த மாத்திரைக்கு மாற்றினார்கள், மார்ச் கடைசியில் 101. ஏப்ரலில் ஒலான்சபின் 10 மி.கி., அன்றைக்கு எடை 68 கிலோ. நான்காம் வாரம் 70, எட்டாம் வாரம் 72, பன்னிரண்டாம் வாரம் 73. அன்றைக்கு வெறும் வயிற்றில் 118, ஹெச்பிஏ1சி 6.0, பொட்டாசியம் 3.3, பொட்டாசியம் 3.5க்குக் கீழே போகக் கூடாது. தேதிகளை மாத்திரைகளோடு சேர்த்து வைத்துப் பாருங்கள். முதல் ஏழு புள்ளி தண்ணி மாத்திரை வந்த பிறகு ஏறியது, மீதி 17 ஒலான்சபின் வந்த பிறகு எடையோடு சேர்ந்து ஏறியது. இது நிரூபணம் ஆகாது, இரண்டாவது கட்டத்திலும் பொட்டாசியம் குறைவுக்குப் பங்கு இருக்கலாம். ஆனால் டாக்டரிடம் "சர்க்கரை ஏறுதுங்க" என்று மொட்டையாகச் சொல்வதைவிட இந்த ஒரு பக்கம் எவ்வளவோ மேல்.

அம்மான் செய்யப்போன காரியம் என்ன தெரியுமா? இரண்டு மாத்திரையையும் தானே நிறுத்தப் பார்த்தார். அது மட்டும் கூடாது. ஒலான்சபினைச் சட்டென்று விட்டால் தூக்கம் கெடும், பழைய நோய் திரும்பும். பிரஷர் மாத்திரையை விட்டால் பிரஷர் ஏறும். நோட்டை இரண்டு டாக்டரிடமும் காட்டினோம், ஒருவர் எழுதுவது இன்னொருவருக்குத் தெரியாமல் இருந்தது அங்கேதான் புரிந்தது. பிரஷர் டாக்டர் தண்ணி மாத்திரையை எடுத்துவிட்டு அம்லோடிபின் எழுதினார். மனநல டாக்டர், மனசு நன்றாகத் தெளிந்திருக்கிறது, இப்போது மருந்தை மாற்றினால் ஆபத்து என்று ஒலான்சபினை அப்படியே வைத்து, சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் மாத்திரையைச் சேர்த்தார். வேறொருவருக்கு அவரே மருந்தை மாற்றியிருக்கலாம், அது ஆளைப் பொறுத்தது.

ஒன்றை மட்டும் நோட்டில் எழுதிக்கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள்: சர்க்கரை 300ஐத் தாண்டி, கூடவே வாந்தி, வயிற்றுவலி, வேகமான மூச்சு, தூங்கி வழிவது இதில் ஏதாவது இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். அரிதுதான், ஆனால் ஒலான்சபினில் முதல் சில மாதங்களுக்குள்ளேயே இப்படி வந்தவர்கள் உண்டு.

மூன்று மாதம் கழித்து அம்மானுக்கு எடை 71, வெறும் வயிற்றில் 104, பொட்டாசியம் 4.1. தேன்குழல் டப்பாவை அத்தை இரண்டாம் கட்டுக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டார், ராத்திரி அவ்வளவு தூரம் நடந்து போக அம்மானுக்குச் சோம்பல்.