பி.எஃப். பணத்தில் பங்குக்கு 15% வரம்பு: நாம் தப்பாகப் போடும் கணக்குகள்

போன மாதம் மஞ்சக்குப்பத்தில் ஒரு கல்யாணப் பந்தி முடிந்த பிறகு, கடலூர் சிப்காட்டில் ஷிஃப்ட் பார்க்கும் தம்பி ஒருவர் போனில் தன் பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்து காட்டினார். வயது 34. "அண்ணே, பங்குச் சந்தை இவ்வளவு ஏறியிருக்கு. என் பணத்துல 15% அங்கேதானே போகுது? வட்டி மட்டும் ஏன் 8.25-லயே நிக்குது?" என்றார். பக்கத்தில் இருந்த அவர் மச்சான் புதுச்சேரி அரசில் வேலை செய்பவர், என்.பி.எஸ். என்ற தேசிய ஓய்வூதியத் திட்டத்தின் சந்தாதாரர். "எங்களுக்கும் அதே 15தான் மாமா போட்டாங்க" என்று சேர்ந்துகொண்டார். நான் பல வருடமாக ஒரு தொழிற்சாலையில் பி.எஃப். கணக்கு பார்க்கிறவன். இந்தக் கேள்வி மாதத்துக்கு இரண்டு முறையாவது என் மேசைக்கு வரும். கேட்கிறவர்கள் எல்லோரும் பெரும்பாலும் அதே சில இடங்களில்தான் தவறுகிறார்கள்.

முதல் தவறு, "என் கணக்கில் 15% பங்கில் இருக்கிறது" என்று நினைப்பது. அந்த வரம்பு சேர்ந்திருக்கும் மொத்தப் பணத்துக்கு இல்லை, ஆண்டுதோறும் புதிதாக வந்து முதலீடாகும் பணத்துக்கு. பி.எஃப். நிறுவனம் 2015 ஆகஸ்டில் 5% என்று தொடங்கி, பிறகு 10%, 2017-18-ல் 15% என உயர்த்தியது. அதற்கு முன் பல பத்தாண்டுகளாகச் சேர்ந்த பணம் கடன் பத்திரங்களில் அப்படியே இருக்கிறது. ஒரு நிதியில் 1,000 கோடி இருக்கிறது, ஆண்டுக்கு 100 கோடி புதிதாக வருகிறது என்று வையுங்கள். ஐந்து ஆண்டில் பங்குக்குப் போனது 75 கோடி, மொத்தமோ 1,500 கோடி. அதாவது 5%தான். இதோடு இன்னொன்றும் உண்டு. பி.எஃப். பணம் பங்குக்குப் போவது இ.டி.எஃப். வழியாக, அதாவது சந்தைக் குறியீட்டை ஒட்டி நகரும் பங்குத் தொகுப்பின் யூனிட்டுகளாக. அந்த யூனிட்டுகளின் விலை ஏறுவதால் மட்டும் நம் வட்டி ஏறாது. விற்ற பிறகுதான் அந்த லாபம் வட்டிக் கணக்குக்கு வரும். 2019-20-க்கு அறிவித்த 8.5 சதவீதத்தில் 8.15 கடன் பத்திர வருமானத்திலிருந்து, மீதி 0.35 இ.டி.எஃப். விற்றுத் தருவது என்று பிரித்தே சொன்னார்கள். சந்தை ஏறியதைப் பார்த்துவிட்டு பாஸ்புக்கைப் பார்ப்பவருக்கு ஏமாற்றம் வருவது இதனால்தான்.

இரண்டாவது தவறுதான் பெரியது: அரசுக்குப் பங்கு என்றால் பயம், அதனால் வரம்பு வைத்தார்கள் என்று முடித்துவிடுவது. நஷ்டம் வந்தால் அது யார் தலையில் விழும் என்று கேட்டால்தான் வரம்பு புரியும். பி.எஃப். கணக்கில் நமக்கு யூனிட் கிடையாது, தினசரி விலை கிடையாது. எல்லோருக்கும் ஒரே வட்டி அறிவிக்கப்படும், அசல் குறையாது. ஆகவே சந்தை விழுந்த வருடம் அந்தப் பள்ளத்தை நிதியின் மற்ற வருமானம்தான் நிரப்ப வேண்டும்.

எண்ணில் பார்ப்போம். 2020 ஜனவரி நடுவிலிருந்து மார்ச் 23-க்குள் பங்குச் சந்தைக் குறியீடான நிஃப்டி சுமார் 38% சரிந்தது. 100 ரூபாய் நிதியில் 15 ரூபாய் பங்கில் இருந்தால் மதிப்பில் 5.70 போகும். மீதி 85 ரூபாய் கடன் பத்திரத்தில் 7.5% ஈட்டினால் வருவது 6.37. அந்த வருட வட்டி கிட்டத்தட்ட கரைந்துவிடும், ஆனால் அசலைத் தொட வேண்டாம். இதே நிதியில் 50 ரூபாய் பங்கில் இருந்தால்? நஷ்டம் 19, வருமானம் 3.75. அசல் குறையாது என்று சொன்ன வாக்கை எங்கிருந்து காப்பாற்றுவது?

அதே மார்ச் கடைசியில் கொரோனா முன்பணம் எடுக்க அனுமதி வந்தது நினைவிருக்கும்: மூன்று மாதச் சம்பளம் அல்லது இருப்பில் 75%, இதில் எது குறைவோ அது. எங்கள் தொழிற்சாலையிலும் வரிசையாக விண்ணப்பித்தார்கள். எடுத்தவருக்கு பாஸ்புக்கில் உள்ளபடி முழு ரூபாய் கிடைத்தது, சந்தை விழுந்ததற்காக ஒரு பைசா பிடிக்கவில்லை. அப்படியான நாளில் நிதியின் பாதி பங்கில் இருந்து, அதை அடிவிலைக்கு விற்றுக் கொடுக்க வேண்டி வந்தால், அந்த நஷ்டம் எடுக்காமல் இருந்தவர்கள் மேல்தான் விழும். புயலும் வெள்ளமும் வந்து போகிற கடலூரில், அவசரத்துக்குப் பி.எஃப்.பில் கை வைப்பது நமக்கெல்லாம் பழக்கம். அந்த வசதிக்கும் இந்த வரம்புக்கும் நேரடித் தொடர்பு உண்டு. தனி டிரஸ்ட் வைத்து பி.எஃப். நடத்தும் நிறுவனங்களிலும், டிரஸ்டின் வருமானம் அறிவித்த வட்டிக்குக் குறைந்தால் முதலாளிதான் ஈடுகட்ட வேண்டும்.

இந்தப் பாதுகாப்பு இலவசம் என்று நினைப்பது அடுத்த தவறு. தம்பியின் அடிப்படைச் சம்பளம் 26,000. அவரிடம் பிடிப்பது 3,120. நிறுவனமும் 3,120 போடுகிறது, அதில் 1,250 பென்ஷனுக்குப் போய்விடும். ஆக பி.எஃப்.பில் சேர்வது ஏறக்குறைய மாதம் 5,000, வருடம் 60,000. இது 30 வருடம் மாறாமல் போகிறது, கடன் பத்திரம் 7.5%, பங்கு 12% தருகிறது என்று வைத்துக்கொள்வோம். இவை என் அனுமானம், யாரும் தரும் உத்தரவாதம் இல்லை. பங்கே இல்லாவிட்டால் கடைசியில் சுமார் 62 லட்சம். 5% என்றால் 64.6 லட்சம். மொத்தப் பணத்திலும் உண்மையாகவே 15% இருந்தால் 70 லட்சம். 50% என்றால் 94 லட்சம். கடைசி இரண்டுக்கும் நடுவில் உள்ள 24 லட்சம்தான், இன்றைக்கு விரும்பினாலும் அசல் குறையாமல் எடுக்கலாம் என்ற உறுதிக்கு 34 வயதுக்காரர் கொடுக்கும் விலை. ஓய்வுக்கு இரண்டு வருடம் இருப்பவருக்கு அது நியாயமான விலை. இளைஞருக்கு அதிகம் என்பது என் கருத்து. ஆனால் எல்லோருக்கும் ஒரே பானை, ஒரே வட்டி என்பதால் இருவரையும் பிரித்து நடத்த வழியில்லை.

மச்சானின் என்.பி.எஸ். அப்படியில்லை. அங்கே யூனிட் அவர் பெயரில், விலை தினமும் மாறும், நஷ்டமும் அவருடையதே. அதனால்தான் அங்கே தன் முதலீட்டைத் தானே தேர்வு செய்யும் தனியார் சந்தாதாரருக்கு வரம்பு 75% வரை போனது. 2025 அக்டோபர் முதல் அரசு சாராதவர்களுக்கு 100% பங்குத் திட்டங்களுக்கும் வழி வந்தது. அப்படியானால் மச்சானுக்கு ஏன் 15% போட்டார்கள்? எதையும் தேர்வு செய்யாத அரசு ஊழியரின் பணம் போகிற இயல்புத் திட்டத்துக்கு நீண்ட காலம் இருந்த வரம்பு அது. வாயைத் திறக்காதவர் தலையில் பெரிய ஏற்ற இறக்கத்தை ஏற்றக்கூடாது என்பதே அங்கு காரணம். 2019 ஏப்ரல் முதல் மத்திய அரசு ஊழியர்களும், வயது ஏற ஏறப் பங்கைக் குறைக்கும் எல்.சி.50 போன்ற திட்டத்தைக் கேட்டு வாங்கலாம். அதில் 35 வயது வரை 50% பங்கு, பிறகு படிப்படியாகக் குறைந்து 55-ல் 10%. தனக்கும் இது உண்டா என்பது மச்சானுக்குத் தெரியவே தெரியாது.

பென்ஷனையும் இதில் குழப்பிக்கொள்கிறார்கள். பாஸ்புக்கில் பென்ஷன் பத்திக்கு வட்டியே ஏறாது, கவனித்துப் பாருங்கள். அந்தப் பென்ஷன் சூத்திரத்தில் வருவது: சம்பளம் பெருக்கல் பணிக்காலம், வகுத்தல் 70. உச்சவரம்பான 15,000 சம்பளம், 30 ஆண்டு என்றால் மாதம் 6,428 ரூபாய். பங்கு வரம்பை நாளைக்கே இரண்டு மடங்காக்கினாலும் அந்தச் சூத்திரம் மாறாது.

தம்பி அன்று கேட்க வந்ததே வேறு. பி.எஃப்.பில் விருப்பத் தொகையாக மாதம் 2,000 கூட்டினால் பங்கு லாபம் கூடுமா என்று. கூடாது. அதுவும் அதே பானைக்குத்தான் போகும், அதே வட்டிதான் வரும். கையில் இருக்கும் பி.எஃப். 6 லட்சத்தைக் கடன் பத்திரம் மாதிரியே எண்ணிக்கொண்டு, புதிய 2,000-ஐ என்.பி.எஸ்.ஸில் பங்கு அதிகமுள்ள தேர்வில் போடச் சொன்னேன். வருடம் 24,000 என்பதால் முதல் சில வருடம் மொத்தச் சேமிப்பில் அது சின்னப் பகுதிதான். 38% விழுந்தாலும் தூக்கம் கெடாது. ஒரு எச்சரிக்கையும் சொன்னேன்: அதில் பி.எஃப். மாதிரி நினைத்தபோது முன்பணம் எடுக்க முடியாது, முதிர்வில் ஒரு பகுதியை ஓய்வூதியம் வாங்கவே ஒதுக்க வேண்டும். அவர் உடனே, "அப்போ தங்கச்சி கல்யாணத்துக்கு?" என்றார். அந்தப் பணத்தை இரண்டிலும் போடாமல் தபால் நிலையத்தில் தனியாகச் சேர்ப்பதாக முடிவானது.