பூட்டிங்கின் கீழே சுமை எவ்வளவு ஆழம் போகிறது? 2:1 கணக்கும் அமுக்கக் குமிழும்

தம்பலகாமம் பக்கம் மாமா ஒருவர் இரண்டு மாடி வீடு கட்டத் தொடங்கியபோது என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்: "தம்பி, மேலே நல்ல மணல். ஆனால் கிணறு வெட்டினவர்கள் கீழே களி என்கிறார்கள். பூட்டிங்கைக் கொஞ்சம் அகலமாகப் போட்டால் போதும்தானே?" மேசனும் அதையே சொல்லியிருந்தார். போதுமா என்பதை ஒரு வரைபுத் தாளில் கணக்கிட்டுப் பார்த்துவிடலாம். அந்தக் கணக்கை இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

சுமை, பரப்பு, அமுக்கம் ஆகியவற்றின் அலகுகள் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன். கீழே வரும் மண்ணின் எண்கள் எடுத்துக்காட்டுக்காக நான் வைத்தவை. உங்கள் காணிக்குத் துளையிட்டுப் பார்த்த எண்களைப் போட வேண்டும். திருகோணமலையில் ஓர்ஸ் ஹில்லில் பாறையின் மேல் கட்டுபவருக்கும், நிலாவெளியில் மணலில் கட்டுபவருக்கும், குடாவை ஒட்டிய தாழ்ந்த வயல் நிலத்தில் கட்டுபவருக்கும் ஒரே எண் பொருந்தாது.

படி 1: நிலத்தின் வெட்டுமுகத்தை வரையுங்கள்

நிலமட்டத்திலிருந்து 3 மீற்றர் வரை மணல். 3 முதல் 5 மீற்றர் வரை மென்மையான களி. அதன் கீழே இறுகிய மண். நிலத்தடி நீர் 1 மீற்றரில். பூட்டிங்கின் அடியும் 1 மீற்றரில். தூண் ஒன்றுக்கு 225 கிலோநியூட்டன் சுமை. பூட்டிங் 1.5 மீற்றர் சதுரம். ஆகவே அடியில் அமுக்கம் 225 ÷ 2.25 = 100 கிலோபாஸ்கல்.

வெட்டுமுகத்தை அளவுத்திட்டத்துடன் வரையுங்கள், 1 மீற்றருக்கு 2 சென்ரிமீற்றர் போதும். கைபேசிச் செயலிகள் பல இந்தக் கணக்கைச் செய்துதருகின்றன. தொடங்குபவருக்கு அவற்றை நான் பரிந்துரைப்பதில்லை. களி எங்கே தொடங்குகிறது, சுமை எங்கே விரிகிறது என்பதைக் கண் ஒரே படத்தில் பார்த்தால்தான் அடுத்த படிகள் புரியும். வரைபுத் தாள், பென்சில், பிறகு ஒரு சாதாரண விரிதாள். இவையே போதும்.

படி 2: 2:1 கோட்டைப் போடுங்கள்

பூட்டிங்கின் இரு ஓரங்களிலிருந்தும் வெளிப்புறமாகச் சாயும் இரண்டு கோடுகளை வரைய வேண்டும். 2 மீற்றர் கீழே இறங்கினால் 1 மீற்றர் வெளியே போகும் சாய்வு. சுமை முழுவதும் இந்தக் கோடுகளுக்கு இடையில் சமமாகப் பரவிக் கிடக்கிறது என்று எடுத்துக்கொள்வதுதான் 2:1 முறை.

இங்கே சற்று நில்லுங்கள். என்னை அதிக நேரம் பிடித்து வைத்த இடம் இதுதான். z ஆழத்தில் ஒவ்வொரு பக்கமும் விரிவது z இன் பாதி. இரண்டு பக்கமும் சேர்ந்தால் விரிவு z. ஆகவே பூட்டிங்கின் அகலம் B என்றால் புதிய அகலம் B + z. சிலர் B + 2z என்று போடுவார்கள், அப்போது களிக்குப் போகும் தகைப்பு, அதாவது மண்ணுக்குள் ஒரு சதுர மீற்றருக்கு வரும் சுமை, மிகக் குறைவாக வந்து வீட்டுக்காரருக்குப் பொய்யான நிம்மதி தரும். சிலர் ஒரு பக்க விரிவை மட்டும் கூட்டி B + z/2 என்பார்கள். சரிபார்க்க எளிய வழி: z உம் B உம் சமமாக இருக்கும் ஆழத்தில் அகலம் இரண்டு மடங்கு, பரப்பு நான்கு மடங்கு, தகைப்பு கால்பங்கு ஆக வேண்டும். நம் பூட்டிங்கில் 1.5 மீற்றர் ஆழத்தில் 25 கிலோபாஸ்கல் வராவிட்டால் சூத்திரத்தில் பிழை இருக்கிறது.

விரிதாளில் B1 இல் சுமை, B2 இல் அகலம், B3 இல் நீளம், A5 இலிருந்து கீழே ஆழங்கள் என்று வைத்தால் இந்த ஒரு வரி போதும்:

```
=$B$1/(($B$2+A5)*($B$3+A5))
```

z பூட்டிங்கின் அடியிலிருந்து அளக்கப்படுவது. களியின் நடு நிலமட்டத்திலிருந்து 4 மீற்றரில் இருந்தாலும் நமக்கு z = 3. அங்கே 225 ÷ (4.5 × 4.5) = 11.1 கிலோபாஸ்கல்.

படி 3: குமிழோடு ஒப்பிடுங்கள்

உண்மையில் சுமை கோட்டுக்குள் சமமாகப் பரவுவதில்லை. பூட்டிங்கின் நடுவுக்கு நேர் கீழே அதிகமாகவும், ஓரத்தை நோக்கிப் போகப்போகக் குறைவாகவும், நாம் வரைந்த கோட்டுக்கு வெளியேயும் கொஞ்சம் இருக்கும். பிரெஞ்சுக் கணிதவியலாளர் பூசினெஸ்க் 1885 இல் மீள்தன்மையுள்ள திண்மத்துக்குத் தந்த தீர்விலிருந்து இந்தப் பரவல் கிடைக்கிறது. சம தகைப்புள்ள புள்ளிகளை இணைத்தால் வெங்காயத்தின் உரிகள் போல ஒன்றுக்குள் ஒன்றாக வரும் கோடுகளே அமுக்கக் குமிழ். சதுரப் பூட்டிங்கில் அடி அமுக்கத்தின் 20 விழுக்காட்டுக் கோடு ஏறத்தாழ 1.5B ஆழத்தையும், 10 விழுக்காட்டுக் கோடு ஏறத்தாழ 2B ஆழத்தையும் தொடும்.

நம் பூட்டிங்கின் நடுவுக்குக் கீழே இரண்டு முறைகளும் என்ன சொல்கின்றன என்று பாருங்கள். 0.75 மீற்றரில் 2:1 முறை 44 கிலோபாஸ்கல், பூசினெஸ்க் 70. 1.5 மீற்றரில் 25 க்கு 34. 3 மீற்றரில் 11.1 க்கு 10.8. ஆழம் குறைந்த இடத்தில் 2:1 முறை நடுவில் உள்ள தகைப்பைக் கணிசமாகக் குறைத்துக் காட்டும், ஏனெனில் அது தருவது சராசரி. 2B ஆழத்தில் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. ஆகவே களி பூட்டிங்குக்கு உடனடியாகக் கீழே இருந்தால் குமிழ் வரைபடத்தைப் பயன்படுத்துங்கள். நம்மைப்போல் 2B அளவு கீழே இருந்தால் 2:1 போதும்.

படி 4: அங்கே ஏற்கெனவே உள்ள தகைப்பு

11.1 என்பது அதிகரிப்பு மட்டுமே. அது பெரிதா சிறிதா என்பது, களி ஏற்கெனவே தாங்கிக்கொண்டிருக்கும் தகைப்பைப் பொறுத்தது. நீருக்கு மேலுள்ள மணல் கன மீற்றருக்கு 17 கிலோநியூட்டன், நீருக்குள் உள்ள மணல் 19, களி 16 என்று வையுங்கள். நீருக்குள் உள்ளவற்றிலிருந்து நீரின் கன மீற்றர் எடையான 9.81 ஐக் கழிக்க வேண்டும். களியின் நடுவில் 17 + 18.4 + 6.2 = 41.6 கிலோபாஸ்கல். அதன் மேல் 11.1 ஏறினால் ஏறத்தாழ 27 விழுக்காடு கூடுகிறது.

இக்களி முன்பு இதைவிட அதிக சுமையைக் கண்டதில்லை என்றும், அதன் அமுங்கு விகிதம், அதாவது தகைப்பு பத்து மடங்காகும்போது தடிப்பில் குறையும் பங்கு, 0.2 என்றும் கொண்டால், 2 மீற்றர் தடிப்புக்கு இறக்கம் இப்படி வரும்:

```
=2000*0.2*LOG10((41.6+11.1)/41.6)
```

விடை 41 மில்லிமீற்றர்.

படி 5: ஒரு பூட்டிங்கோடு நிறுத்தாதீர்கள்

மாமாவின் வீட்டில் தூண்கள் 3 மீற்றருக்கு ஒன்றாக, நான்குக்கு மூன்று என்ற வரிசையில் 12 இருக்கின்றன. பூட்டிங்குகளுக்கு இடையில் வெறும் நிலம் 1.5 மீற்றர். ஒவ்வொன்றும் பக்கத்துக்கு z/2 விரிவதால், z = 1.5 மீற்றரிலேயே அண்டைக் கோடுகள் ஒன்றையொன்று தொட்டுவிடுகின்றன. களி தொடங்குவது z = 2 இல். அதாவது களியை அடையும் முன்பே விரிவுகள் கலந்துவிட்டன. தனித்தனிக் குமிழ்கள் சேர்ந்து வீடு முழுவதற்குமான ஒரு பெரிய குமிழ் ஆகிவிட்டது.

அப்படியானால் வீட்டையே ஒரு பூட்டிங்காக எடுக்க வேண்டும். மொத்தச் சுமை 12 × 225 = 2700 கிலோநியூட்டன். வெளியோர அளவு 10.5 × 7.5 மீற்றர். z = 3 இல் 2700 ÷ (13.5 × 10.5) = 19 கிலோபாஸ்கல். தனிப் பூட்டிங் காட்டிய 11.1 எங்கே, இந்த 19 எங்கே! இறக்கம் 41 இலிருந்து 65 மில்லிமீற்றராக ஏறுகிறது. இதுவும் சராசரிதான். வீட்டின் நடுவில் இதைவிட அதிகமாகவும் மூலைகளில் குறைவாகவும் இறங்கும். அந்த வேறுபாடுதான் சுவரைப் பிளக்கிறது. நடு தாழ்ந்து போகும் வீட்டில் வெடிப்பு சுவரின் கீழ்ப்பகுதியில் அகன்றும் மேலே ஒடுங்கியும் இருக்கும்.

இனி மேசனின் யோசனைக்கு வருவோம். பூட்டிங்கை 2 மீற்றர் சதுரமாக்கினால் அடி அமுக்கம் 100 இலிருந்து 56 க்கு இறங்குகிறது. கொங்கிறீட் செலவும் அதற்கேற்ப ஏறுகிறது. களியிலோ 2700 ÷ (14 × 11) = 17.5 கிலோபாஸ்கல். இறக்கம் 61 மில்லிமீற்றர். அவ்வளவு கொங்கிறீட்டுக்குக் கிடைத்த பலன் 4 மில்லிமீற்றர். மணல் தாங்குமா என்பதே கவலை என்றால் அகலப்படுத்துவது சரியான மருந்து. ஆழத்தில் களி கிடக்கும்போது அது ஏறத்தாழ ஒன்றும் செய்யாது. அங்கே சுமையைக் குறைப்பது, களிக்குக் கீழுள்ள இறுகிய மண்ணுக்குச் சுமையைக் கொண்டுபோவது, அல்லது முன்கூட்டியே களியை அமுங்க வைப்பது ஆகியவையே வழி.

இதே காரணத்தால், துளையிடும் ஆழத்தைத் தனிப் பூட்டிங்கின் 2B ஐ வைத்து முடிவு செய்யாதீர்கள். அப்படிச் செய்தால் நம் காணியில் துளை 4 மீற்றரோடு நின்று, களியின் மேற்பாதியை மட்டுமே பார்த்திருக்கும்.

சேர்த்தது 1: தூண் இல்லாத, சுவர் அத்திவாரம்

வாசகர் ஒருவர் கருங்கல் அத்திவாரத்துக்கு இதை எப்படிப் போடுவது என்று கேட்டிருந்தார். நீண்ட சுவரில் சுமை இரண்டு பக்கம் மட்டுமே விரியும், நீளவாக்கில் விரிய இடமில்லை. மீற்றருக்கு 30 கிலோநியூட்டன் சுமையும் 0.6 மீற்றர் அகலமும் என்றால் z = 3 இல் 30 ÷ 3.6 = 8.3 கிலோபாஸ்கல். அடி அமுக்கம் 50 தான். அதே 50 ஐத் தரும் 0.6 மீற்றர் சதுரப் பூட்டிங் அதே ஆழத்தில் 1.4 மட்டுமே தரும். சிறிய அத்திவாரம்தானே என்று சுவரை ஒதுக்கிவிட வேண்டாம்.

சேர்த்தது 2: கிரவல் நிரப்பிய காணி

தாழ்ந்த காணியை 1 மீற்றர் கிரவல் போட்டு உயர்த்திவிட்டுக் கட்டுகிறோம், அதையும் கணக்கில் எடுக்க வேண்டுமா என்று இன்னொருவர் கேட்டார். கட்டாயம் எடுக்க வேண்டும். கன மீற்றருக்கு 18 கிலோநியூட்டன் என்றால் அந்த நிரப்பல் 18 கிலோபாஸ்கல், கிட்டத்தட்ட இரண்டு மாடி வீடு களிக்குத் தரும் அளவு. இதற்கு 2:1 முறையைப் பயன்படுத்தாதீர்கள். 20 × 25 மீற்றர் காணிக்கு 4 மீற்றர் ஆழத்தில் அது 12.9 என்று காட்டும். அகலமான நிரப்பலின் நடுவில் தகைப்பு விரிந்து குறைய இடமே கிடைப்பதில்லை. அங்கே 18 ஐ அப்படியே எடுக்க வேண்டும்.

கிரவல் போட்ட கையோடு அத்திவாரம் வெட்டினால் நிரப்பலின் இறக்கமும் வீட்டின் இறக்கமும் சேர்ந்தே வரும். நிரப்பிய பின் காணியில் சில இடங்களில் மட்டக் குறிகள் வைத்து, மாதத்துக்கு ஒருமுறை அளந்து, இறக்கம் அடங்கிய பிறகு கட்டத் தொடங்குங்கள். மாமா காணியை நிரப்பிவிட்டு இப்போது அதைத்தான் செய்துகொண்டிருக்கிறார்.